ஓவர்ஷூட்டைப் பார்த்து ஃபேஸ் மார்ஜினைச் சொல்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்-ஆம்ப் சர்க்யூட் கட்டி, ஸ்கோப்பில் சதுர அலையைப் பார்த்து, மூலையில் துள்ளுகிற அலையைக் கண்டதும் எங்கள் பெஞ்சுக்கு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

அலை கொஞ்சம் மேலே துள்ளுது. அதுக்கும் ஃபேஸ் மார்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?

ஃபீட்பேக் ஆம்ப்ளிஃபையர் தன் அவுட்புட்டைப் பார்த்துத் தன்னையே திருத்திக்கொள்கிறது. திருத்தம் உடனே வந்தால் பிரச்சினை இல்லை. வழியில் தாமதமானால், அவுட்புட் போக வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் "போதும்" என்ற செய்தி போய்ச் சேரும். தாண்டிப்போன அந்த அளவுதான் ஓவர்ஷூட். அப்புறம் திரும்ப இறங்கும்போது கீழேயும் தாண்டும். இப்படி ஆடி ஆடி அடங்குவதை ரிங்கிங் என்கிறோம்.

லூப்பைச் சுற்றி வரும் கெயின் சரியாக 1 ஆகும் அலைவரிசையை கிராஸ்ஓவர் என்பார்கள். அந்த இடத்தில் தாமதம் 180 டிகிரியை எட்ட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதுதான் ஃபேஸ் மார்ஜின். பாக்கி குறையக் குறைய ஆட்டம் கூடும். பூஜ்யமானால் அடங்கவே அடங்காது, ஆசிலேட்டர் ஆகிவிடும். இரண்டும் ஒரே தாமதத்தின் விளைவு என்பதால்தான், ஒன்றை அளந்து மற்றதைச் சொல்ல முடிகிறது.

லூப்பையே நேரா அளந்துட்டா போச்சே. எதுக்கு இந்தச் சுத்து வழி?

அளக்கலாம். அதற்கு லூப்பை ஓரிடத்தில் வெட்டி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சிக்னலைச் செலுத்தி, ஒவ்வொரு அலைவரிசையிலும் கெயினையும் ஃபேஸையும் எடுக்கிற கருவி வேண்டும். முடித்த போர்டில் வெட்டுவதற்கு இடமும் பெரும்பாலும் இருக்காது. வெட்டிய இடத்தில் ஒட்டும் வயரே சில பிகோஃபாரட் சேர்த்துவிடும். சதுர அலையின் திடீர்த் தாவலைக் கொடுத்து ஓவர்ஷூட்டைப் பார்க்கும் ஸ்டெப் முறைக்கு ஒரு சதுர அலை ஜெனரேட்டரும் ஸ்கோப்பும் போதும், லூப்பைத் தொட வேண்டியதே இல்லை. ஐந்து டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்கிற வேலைகளுக்கு இது தாராளமாகப் போதும்.

சரி, கணக்கு என்ன?

முதலில் ஓவர்ஷூட்டைப் பின்னமாக எழுதிக்கொள்ளுங்கள். அலை 0-விலிருந்து 100 மில்லிவோல்ட்டுக்குப் போய் நிற்க வேண்டும், ஆனால் 123 வரை ஏறியது என்றால் OS = 0.23. அதிலிருந்து ஜீட்டா (ζ) என்ற தணிப்பு விகிதம் கிடைக்கும். அதிலிருந்து ஃபேஸ் மார்ஜின் கிடைக்கும்.

```
ζ  = −ln(OS) / √(π² + ln²(OS))
PM = arctan( 2ζ / √( √(1 + 4ζ⁴) − 2ζ² ) )
```

ஒவ்வொரு தடவையும் இதைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நான் ஸ்கோப்புக்குப் பக்கத்தில் இந்தச் சின்னப் பட்டியலை ஒட்டி வைத்திருக்கிறேன்:

| ஓவர்ஷூட் | ஃபேஸ் மார்ஜின் |
|---|---|
| 57% | 20° |
| 42% | 30° |
| 35% | 35° |
| 29% | 40° |
| 23% | 45° |
| 18% | 50° |
| 13% | 55° |
| 9% | 60° |
| 5% | 65° |

மனதில் நிற்க வேண்டியவை இரண்டுதான்: 23% என்றால் 45°, 9% என்றால் 60°. 35-க்கு 35 என்பது தானாகவே நினைவில் தங்கிவிடும்.

இந்தக் கணக்கு ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. லூப்பில் ஆப்-ஆம்ப்பின் சொந்த இறக்கம் ஒன்று, அதற்கு மேல் கெயினை இறக்கி ஃபேஸைப் பின்னுக்கு இழுக்கும் ஒரு ஆர்சி மூலை ஒன்று, அவ்வளவுதான். இப்படிப்பட்ட மூலையைத்தான் போல் என்கிறோம். கீழே வரும் சிக்கலான கேள்விகள் எல்லாமே இந்த அனுமானம் எங்கே உடைகிறது என்பதைப் பற்றியவை.

ஜீட்டாவை நூறால் பெருக்கினா ஃபேஸ் மார்ஜின்னு படிச்சேனே, அது தப்பா?

தப்பில்லை, எல்லை உண்டு. ஜீட்டா 0.3 என்றால் சரியான விடை 33°, குறுக்குவழி 30° சொல்கிறது. 0.5-க்கு 52°, 0.6-க்கு 59°. அதுவரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போகாதீர்கள். ஜீட்டா 0.8-க்குச் சரியான விடை 70°, 1-க்கு 76° தான்.

ஸ்கோப்பில் எப்படி அளக்கணும்? ஓவர்ஷூட்னு ஒரு மெனு இருக்கு, அதைப் போட்டா போதுமா?

மெனு பொய் சொல்லாது, ஆனால் திரையில் இருப்பதை வைத்துத்தான் சொல்லும். ஓவர்ஷூட் என்பது கடைசியில் அலை நிற்கும் மட்டத்தோடு ஒப்பிட்ட அளவு. ரிங்கிங் அடங்குவதற்குள் அடுத்த எட்ஜ் வந்துவிட்டால், அல்லது திரையில் ரிங்கிங் மட்டுமே தெரியும்படி விரித்து வைத்திருந்தால், எது நிற்கும் மட்டம் என்று ஸ்கோப் தப்பாக முடிவு செய்யும். அதனால் சதுர அலையின் ஒவ்வொரு பாதியிலும் பத்துப் பதினைந்து ரிங்கிங் சுற்றுகளுக்காவது இடம் விடுங்கள். ரிங்கிங் 0.7 மைக்ரோசெகண்டுக்கு ஒரு சுற்று என்றால், 50 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை சரியாக இருக்கும். பாதிக்கு 10 மைக்ரோசெகண்ட் கிடைக்கும்.

நான் மெனுவை விட கர்ஸரையே நம்புகிறேன். ஒரு கோட்டை அடங்கிய மட்டத்தில் வைத்து, இன்னொன்றை உச்சியில் வைக்கிறேன். ஸ்டெப் சிறியது என்பதால் நாய்ஸ் தெரியும். 16 அலைகளை ஆவரேஜ் போட்டால் சுத்தமாகிவிடும். ஸ்டெப் திரையில் ஐந்து கட்டமாவது உயரம் இருக்கட்டும். எட்டுக் கட்டத் திரையில் 8-பிட் ஸ்கோப்புக்கு ஐந்து கட்டம் என்பது சுமார் 160 படிகள், ஆக ஒரு சதவீதம் என்பது ஒன்றரைப் படிதான்.

ஒரு உதாரணத்தை முழுசா போட்டுக் காட்டுங்க.

ஒரு சென்சார் போர்டில் TL072 பஃபர் இருந்தது, கெயின் 1. அதன் அவுட்புட் பத்து மீட்டர் கோஆக்ஸ் கேபிளில் போக வேண்டும். கோஆக்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட், ஆக மொத்தம் 1 நானோஃபாரட். பெஞ்சில் கேபிளுக்குப் பதிலாக 1 நானோஃபாரட் கெபாசிட்டரையே அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு வைத்தேன். இன்புட்டில் 100 மில்லிவோல்ட் ஸ்டெப். அலை 138 மில்லிவோல்ட் வரை ஏறியது, பிறகு 86-க்கு இறங்கியது, மறுபடி 105-ஐத் தாண்டி மெல்ல 100-இல் அடங்கியது. உச்சிக்கு உச்சி 0.70 மைக்ரோசெகண்ட்.

OS = 0.38. கணக்கைக் கம்ப்யூட்டரில் போட:

```python
from math import *
o = 0.38
z = -log(o)/sqrt(pi**2 + log(o)**2)
pm = degrees(atan(2*z/sqrt(sqrt(1+4*z**4) - 2*z*z)))
print(z, pm)
```

ஜீட்டா 0.294, ஃபேஸ் மார்ஜின் 33° வந்தது. வேலை செய்யும், ஆனால் நான் விட்டுவைக்க மாட்டேன். கேபிள் இன்னும் ஐந்து மீட்டர் நீண்டாலோ, வேறு தயாரிப்புத் தொகுதி ஐசி வந்தாலோ இந்தப் பாக்கியும் கரைந்துவிடும்.

இதே அலையிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ரிங்கிங் 0.70 மைக்ரோசெகண்ட் என்றால் 1.43 மெகாஹெர்ட்ஸ். கிராஸ்ஓவர் அதற்குச் சற்றுக் கீழே இருக்கும். இந்த ஜீட்டாவுக்கு நான்கு சதவீதம் கீழே, அதாவது 1.37 மெகாஹெர்ட்ஸ். TL072-இன் கெயின்-பேண்ட்விட்த் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். கெபாசிட்டர் ஐசியின் உள் அவுட்புட் ரெசிஸ்டன்ஸோடு சேர்ந்து இன்னொரு போல் உண்டாக்கி, கிராஸ்ஓவரைப் பாதிக்கும் கீழே இழுத்திருக்கிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால் அந்தப் போல் 0.88 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது. 1 நானோஃபாரட்டுக்கு அது 180 ஓம் ரெசிஸ்டன்ஸ். ஆப்-ஆம்ப்புக்குள் இருக்கக்கூடிய அளவுதான் அது. விடை இப்படிப் பௌதிகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது என் வழக்கம்.

ஒரே ஒரு உச்சியை வச்சு இவ்வளவு சொல்றீங்க. அதை எப்படி நம்புறது?

முதல் உச்சியை மட்டும் நம்பாதீர்கள், அடுத்து வரும் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துப்போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அலை ஒழுங்காக அடங்கும்போது ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதன் ஒரே விகிதத்தில் சுருங்கும். இரண்டு போல் மட்டுமே உள்ள லூப்பில் அந்த விகிதமும் முதல் ஓவர்ஷூட்டும் ஒரே எண். அதாவது ஓவர்ஷூட் 0.38 என்றால், பள்ளம் 0.38 × 0.38 = 0.144, அதாவது 14 மில்லிவோல்ட் ஆழம். அடுத்த மேடு அதிலும் 0.38 பங்கு, ஐந்தரை மில்லிவோல்ட். மேலே உள்ள அலையைப் பாருங்கள்: 86-க்கு இறங்கியது, 105-ஐத் தாண்டியது. பொருந்துகிறது. அதனால்தான் அந்த 33°-ஐ நான் தயங்காமல் சொன்னேன்.

பொருந்தவில்லை என்றால், உங்கள் அலை எளிய இரண்டு-போல் அலை இல்லை. பட்டியலுக்குப் போவதற்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்தக் காரணங்களே.

ஸ்டெப்பை 5 வோல்ட்டா ஆக்கினா ஓவர்ஷூட் சதவீதம் குறைஞ்சிடுச்சு. சர்க்யூட் நல்லாயிடுச்சா?

இல்லை. ஸ்லூ ரேட்டில் மாட்டிக்கொண்டது. ஆப்-ஆம்ப் அவுட்புட் ஒரு வேகத்துக்கு மேல் ஏற முடியாது. TL072-க்கு அது மைக்ரோசெகண்டுக்குச் சுமார் 13 வோல்ட். ஏறும்போது அந்த வேகத்தில் முட்டிக்கொண்டால் அலை நேர்க்கோடாக ஏறும். அந்த நேரத்தில் லூப் லூப்பாகவே இயங்கவில்லை. கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் திரும்ப விழித்துக்கொண்டு, அந்தச் சிறு பங்குக்கு மட்டும் ஆடும். அதை 5 வோல்ட்டால் வகுத்தால் சதவீதம் அழகாகத்தான் தெரியும்.

ஜீட்டா 0.3 அளவில் இருக்கும் அலையின் அதிகபட்சச் சரிவு, ஸ்டெப் உயரத்தை 2π-யாலும் ரிங்கிங் அலைவரிசையாலும் பெருக்கி அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் வரும். மேலே உள்ள உதாரணத்தில் 100 மில்லிவோல்ட்டுக்கு மைக்ரோசெகண்டுக்கு 0.6 வோல்ட்தான். 13-க்குப் பக்கத்திலேயே இல்லை. 2 வோல்ட் ஸ்டெப் கொடுத்திருந்தால் 12-ஐத் தொட்டு அந்த எல்லையை நெருங்கியிருக்கும். கணக்கு ஸ்லூ ரேட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். LM358 மாதிரி மைக்ரோசெகண்டுக்கு 0.3 வோல்ட் மட்டுமே ஏறும் ஐசிக்கு 20, 30 மில்லிவோல்ட் ஸ்டெப்புக்கு மேல் போகாதீர்கள்.

எளிய சோதனை: ஸ்டெப்பைப் பாதியாக்குங்கள். அலையின் வடிவம் அப்படியே பாதியாகச் சுருங்கினால் சரி. வடிவம் மாறினால் இன்னும் குறையுங்கள்.

என் ஜெனரேட்டர் எட்ஜ் கொஞ்சம் மெதுவு. அதனால் ஏதும் கெடுமா?

கெடும், அதுவும் ஏமாற்றும் திசையில். ஊஞ்சலை மெதுவாகத் தள்ளினால் அது ஆடாது, கையோடு கூடவே வரும். எட்ஜ் ஏறும் நேரம் ரிங்கிங் சுற்றில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஆட்டம் இரண்டு சதவீதம்தான் குறையும், கவலையில்லை. பாதிச் சுற்று என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். ஒரு முழுச் சுற்று நேரம் எடுத்து நேர்க்கோடாக ஏறினால் ஆட்டம் ஏறத்தாழ காணாமலே போய்விடும். மோசமான சர்க்யூட் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். மெகாஹெர்ட்ஸ் அளவு ஆப்-ஆம்ப்புக்கு 20, 30 நானோசெகண்ட் எட்ஜ் உள்ள சாதாரண ஜெனரேட்டர் போதும். 100 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்ப்புக்குப் போதாது.

வேறு ஜெனரேட்டர் கிடைக்கவில்லை என்றாலும் வழி உண்டு. எட்ஜ் முடிந்த பிறகு சர்க்யூட் தன் இஷ்டத்துக்குத்தான் அடங்குகிறது. அதனால் பள்ளத்தை முந்தைய மேட்டால் வகுத்தால் வரும் விகிதத்தை எட்ஜ் கெடுப்பதில்லை. அந்த விகிதத்தையே OS என்று வைத்துப் பட்டியலைப் பாருங்கள். முதல் மேட்டுக்கு முன்பே எட்ஜ் முடிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ப்ரோப் வச்சாலே அலை மாறுது. எது உண்மை?

×1 நிலையில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ×1-இல் ப்ரோப் கேபிளின் கெபாசிடன்ஸ் முழுக்க, 100 பிகோஃபாரட்டை ஒட்டி, உங்கள் அவுட்புட்டில் தொங்கும். அளக்க வந்த ப்ரோப்பே ஃபேஸ் மார்ஜினைக் குறைக்கும். ×10-இல் அது பத்துப் பதினைந்து பிகோஃபாரட்தான். எப்போதும் ×10. அதையும் முதலில் ஸ்கோப்பின் காலிப்ரேஷன் முனையில் வைத்து டிரிம்மரைத் திருகிச் சரிசெய்யுங்கள். டிரிம் தவறிய ப்ரோப் நல்ல சதுர அலைக்கே ஓவர்ஷூட் காட்டும். இன்வெர்ட்டிங் காலில் மட்டும் எந்த ப்ரோப்பையும் வைக்காதீர்கள், அங்கே பத்து பிகோஃபாரட்டும் அதிகம்.

ப்ரோப்பின் நீளக் கிரவுண்டு வயர் தனியாக ரிங்கிங் செய்யும். பதினைந்து சென்டிமீட்டர் வயர் சுமார் 150 நானோஹென்றி. ப்ரோப்பின் 12 பிகோஃபாரட்டோடு சேர்ந்தால் 120 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஆடும். உங்கள் அலை 1.4 மெகாஹெர்ட்ஸில் ஆடினால் அந்த வயர் மேல் பழி போட முடியாது. நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஆடினால் முதலில் வயரைக் கழற்றிவிட்டுக் குட்டி ஸ்பிரிங் கிரவுண்டைப் போட்டுப் பாருங்கள்.

சிமுலேஷனில் லூப் கெயின் பார்த்தா 45°. போர்டில் ஓவர்ஷூட் 47%. பட்டியல்படி 26° தானே? எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். இது நான் அதிகமாகப் பார்த்த குழப்பம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நான்-இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபையர், கெயின் 2, இரண்டு ரெசிஸ்டரும் 100 கிலோஓம், ஆப்-ஆம்ப்பின் கெயின்-பேண்ட்விட்த் 1 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு என்று வையுங்கள். இன்வெர்ட்டிங் காலில் ஐசியும் போர்டும் சேர்ந்து 10 பிகோஃபாரட். ரெசிஸ்டர்கள் அந்தக் காலுக்கு 50 கிலோஓமாகத் தெரியும், ஆக 320 கிலோஹெர்ட்ஸில் ஒரு போல். ஃபேஸ் மார்ஜின் 45°-ஐ ஒட்டி வரும். ஆனால் இந்தப் போல் ஃபீட்பேக் பாதையில் உட்கார்ந்திருக்கிறது. முந்தைய உதாரணத்தில் கெபாசிட்டர் அவுட்புட்டில் இருந்தது, அதனால் தாமதம் அவுட்புட்டிலேயே தெரிந்தது. இங்கே அவுட்புட் ஏற்கெனவே ஏறிவிட்டது. அந்தச் செய்திதான் காலுக்குத் தாமதமாகப் போகிறது. கணிதத்தில் இது குளோஸ்டு-லூப்பில் ஒரு ஜீரோவாக, அதாவது போலுக்கு நேரெதிராகக் கெயினை ஏற்றும் மூலையாக, வந்து நிற்கும். போல்கள் அதே இடத்தில்தான், அடங்கும் விகிதமும் அதே 0.23 தான், ஆனால் முதல் துள்ளல் மட்டும் 23%-க்குப் பதில் 47% ஆகிவிடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளத்தை அளக்கச் சொன்னேனே, அதுதான் இங்கேயும். 47% ஓவர்ஷூட் உண்மையான 26° என்றால் பள்ளம் 22% இருக்க வேண்டும். போர்டில் 11% தான் இருக்கும். 11-ஐ 47-ஆல் வகுத்தால் 0.23, பட்டியலில் 45°. சிமுலேஷன் சரி. இன்னொரு வழி, அதே சர்க்யூட்டில் நான்-இன்வெர்ட்டிங் இன்புட்டைக் கிரவுண்டு செய்து, கீழ் ரெசிஸ்டர் வழியாக ஸ்டெப்பைக் கொடுங்கள். லூப் மாறவில்லை, ஜீரோ மட்டும் மறைந்துவிடும், 23% நேராகத் தெரியும்.

அதற்காக அந்த 47%-ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. அடுத்து இருக்கும் ஏடிசிக்கு அந்தத் துள்ளல் நிஜம்தான். ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாக 10 பிகோஃபாரட் வைத்தால் காலில் இருக்கும் 10 பிகோஃபாரட்டுக்கு ஈடாகி இரண்டும் சரியாகிவிடும்.

ஓவர்ஷூட்டே இல்லை. ஃபேஸ் மார்ஜின் எவ்வளவுன்னு எழுதறது?

"65-க்கு மேல்" என்று எழுதுங்கள். இரண்டு-போல் லூப்பில் ஓவர்ஷூட் முற்றிலும் மறைவது 76°-இல். ஆனால் 70°-இலேயே அது 1.4% தான், நாய்ஸிலும் ஸ்கோப் படிகளிலும் காணாமல் போய்விடும். அங்கே ஒரு சதவீதப் பிழை பல டிகிரியாக விரியும். 72° என்று எழுதினால் அளக்காததை எழுதுவதாகிவிடும். இந்த முறை நன்றாக வேலை செய்யும் இடம் 20°-க்கும் 60°-க்கும் நடுவில்.

எட்ஜும் ஸ்டெப் அளவும் சரியா என்று ஒரு தடவை பார்த்த பிறகு மட்டும் அப்படி எழுதுங்கள். ஓவர்ஷூட் இல்லாமல் போவதற்கு மெதுவான எட்ஜே போதும் என்று மேலே பார்த்தோம்.

அவுட்புட்டில் 100 ஓம் சீரியஸா போட்டேன், ரிங்கிங் குறைஞ்சது. இப்ப எங்கே அளக்கணும், ஐசி காலிலா, கெபாசிட்டர் மேலயா?

இரண்டிலும் பாருங்கள், வேறு வேறு எண் வரும். TL072 உதாரணத்தில் 180 ஓம், 1 நானோஃபாரட் என்று எடுத்து 100 ஓமைச் சேர்த்துக் கணக்கிட்டால், கெபாசிட்டர் மேல் 9%, ஐசி காலில் 13%. அந்த ரெசிஸ்டர் லூப்புக்குள் ஒரு ஜீரோவைக் கொண்டுவருகிறது. ஐசி காலில் அது கூடுதல் துள்ளலாகத் தெரியும். கெபாசிட்டர் மேலே பார்க்கும்போது அந்த ஆர்சியே அதைச் சரியாக ஈடுகட்டிவிடும்.

இப்போது லூப் இரண்டு-போல் லூப் இல்லை, ஆகவே பட்டியல் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும் என்றில்லை. ஆனாலும் இந்த இடத்தில் உண்மையான ஃபேஸ் மார்ஜின் 63°, 9%-க்குப் பட்டியல் சொல்வது 60°. நெருக்கம்தான். ஐசி காலில் அளந்து பட்டியலைப் பார்த்தால் 55° என்று குறைத்துச் சொல்லும். கெபாசிட்டர் மேலே அளந்ததையே எழுதிக்கொள்வது நல்லது.

கெயின் 10-இல் வச்சு அளந்தேன், அலை அருமை. அதே ஐசியை பஃபரா போடலாமா?

அந்த அளவை வைத்துச் சொல்ல முடியாது. கெயின் 10-இல் ஃபீட்பேக் பத்தில் ஒரு பங்குதான், அதனால் கிராஸ்ஓவர் ஏறத்தாழ பத்து மடங்கு கீழே இருக்கும். அந்த உயரத்தில் தொந்தரவு தரும் போல்கள் இன்னும் எட்டவே இல்லை. பஃபராக்கினால் கிராஸ்ஓவர் மேலே போய் அவற்றை மோதும். எந்த கெயினில், எந்த லோடில் ஓடப்போகிறதோ அதிலேயே அளக்க வேண்டும்.

உள்ளே இரண்டுக்கும் மேல போல் இருக்குமே. அப்ப இந்தக் கணக்கே தப்பாகாதா?

கொஞ்சம் தப்பும், ஆனால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம். கிராஸ்ஓவருக்கு மேலே பல போல்கள் கூட்டமாக இருந்தால் அவை சேர்ந்து ஒரு சுத்தமான நேரத் தாமதம் மாதிரி நடந்துகொள்ளும். அந்த எல்லையை எடுத்துப் பார்ப்போம்: ஒரு இன்டெக்ரேட்டர், அதோடு தாமதம் மட்டும், ஃபேஸ் மார்ஜின் சரியாக 45°. ஸ்டெப்பைக் கணக்கிட்டால் ஓவர்ஷூட் 29% வருகிறது. பட்டியல் அதை 40° என்று படிக்கும். ஐந்து டிகிரி குறைத்துச் சொல்கிறது. பாதுகாப்பான பக்கம்தான், அதனால் நான் இதற்காகத் தூக்கம் கெடுவதில்லை. கெயின் மார்ஜின் என்ன என்று கேட்டால் மட்டும் இந்த முறையிடம் பதில் இல்லை. அதற்கு லூப்பையே அளக்க வேண்டும்.

ஏறும்போது 20%, இறங்கும்போது 34%. எதை எடுக்கறது?

முதலில் ஸ்டெப்பைப் பாதியாக்கி, வித்தியாசம் போகிறதா பாருங்கள். போய்விட்டால் ஸ்லூ விவகாரம். சிறிய ஸ்டெப்பிலும் இருந்தால் அவுட்புட் ஸ்டேஜ் கரண்ட்டை வெளியே தள்ளும்போது ஒரு மாதிரியும் உள்ளே இழுக்கும்போது ஒரு மாதிரியும் நடந்துகொள்கிறது. LM358-இல் இது அடிக்கடி தெரியும். அதாவது அந்த ஐசிக்கு ஒரே ஒரு ஃபேஸ் மார்ஜின் இல்லை; அவுட்புட் எந்த மட்டத்தில், எந்தக் கரண்ட்டில் நிற்கிறதோ அதைப் பொறுத்து மாறும்.

அதனால் சதுர அலையை ஒரு டிசி மட்டத்தின் மேல் ஏற்றி, அவுட்புட் போகக்கூடிய வீச்சு முழுக்க நான்கைந்து இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அளந்துவிடுங்கள். ஏதாவது ஒரு மட்டத்தில் மட்டும் 34% வந்தாலும் அந்த போர்டுக்கு நான் எழுதுவது 36° தான். கெபாசிட்டரையும் ரெசிஸ்டரையும் அந்த மட்டத்தில் நிறுத்தியே தேர்ந்தெடுக்கிறேன்.